இருட்டாகத் தெரிவது குழி இல்லை

சென்னையில் வயிறு எரிந்தாலே ‘அல்சர்’ என்றுதான் பேச்சு. சாப்பாடு தள்ளிப்போனாலும் அல்சர், காரம் கூடினாலும் அல்சர். எண்டோஸ்கோபியில் பார்த்தால் அவர்களில் பலருக்குப் புண்ணே இருக்காது. அப்படியென்றால் புண் எப்படித்தான் இருக்கும்? புதிதாகப் பயிற்சிக்கு வரும் மருத்துவர்களிடம் நான் முதல் நாளே ஒரு படத்தைக் காட்டி, புண்ணைத் தொட்டுக் காட்டச் சொல்வேன். முக்கால்வாசிப் பேர் தப்பான இடத்தைத்தான் தொடுவார்கள்.

மூட்டுவலிக்காக மாதக்கணக்கில் வலி மாத்திரை போட்ட, ஐம்பதை நெருங்கிய ஒருவரின் இரைப்பைப் படம் அது. கீழே வலப்பக்கம் வட்டமாக ஓர் இருட்டு. மேலே இடப்பக்கம் வெள்ளையாக ஒரு திட்டு. மற்ற இடமெல்லாம் ஈரம் மின்னும் இளஞ்சிவப்பு. குழி என்றால் இருட்டாக இருக்கும் என்று நினைத்து எல்லோரும் கீழேயே கை வைப்பார்கள்.

தப்பு விளக்கிலிருந்து தொடங்குகிறது. எண்டோஸ்கோப்பின் நுனியில் கேமராவும் விளக்கும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. மின்சாரம் போன இரவில் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்து பாருங்கள். கேபிளுக்காகத் தோண்டிய பள்ளம்கூடச் சமதளம் மாதிரித் தெரியும், ஏனென்றால் நிழல் பள்ளத்தின் சுவருக்குப் பின்னால் ஒளிந்துவிடுகிறது. டார்ச்சைத் தாழ்த்திப் பக்கவாட்டில் பிடித்தால்தான் பள்ளம் தெரியும். இரைப்பைக்குள் அந்த வசதி இல்லை. அங்கே ஒரு இடம் இருட்டாகத் தெரிந்தால், ஒளி திரும்பி வராத அளவுக்கு அது தூரத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

நம் படத்தில் இருட்டு வட்டம் பைலோரஸ், அதாவது இரைப்பையிலிருந்து சிறுகுடலுக்குப் போகும் வாசல். இளஞ்சிவப்புப் படலம் எங்கும் அறுபடாமல் அதன் விளிம்பு வரை வந்து அப்படியே உள்ளே இறங்குகிறது. சில நொடி கழித்து எடுத்த படத்தில் அந்த வட்டம் சுருங்கி மூடியிருக்கிறது. புண் அப்படி வாயை மூடாது.

சரி, வெள்ளைத் திட்டுக்கு வருவோம். அல்சரில் படலம் அறுந்து, அடியிலுள்ள தசை நார் வரை சிதைந்திருக்கும். அந்தத் தரையில் ஃபைப்ரின் என்னும் புரதமும் செத்த செல்களும் படிந்து வெளுப்பாகவோ மஞ்சளாகவோ தெரியும். ஆனால் வெள்ளையெல்லாம் புண் இல்லை. சளி, நுரை, காலையில் குடித்துவிட்டு வந்த ஜெல் மருந்து எல்லாமே வெள்ளைதான். அதனால் முதல் வேலை, தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவது. கழுவிய பிறகு எடுத்த படத்தில் நுரை போய்விட்டது, திட்டு அதே இடத்தில் நிற்கிறது. விளிம்பு கத்தரித்த மாதிரித் தெளிவாக, சுற்றிலும் சிவந்து வீங்கியிருக்கிறது. கேமராவைச் சாய்த்து எடுத்த அடுத்த படத்தில்தான் படிபோல ஒரு இறக்கம் தெரிகிறது. இதுதான் ஆழத்துக்குச் சாட்சி.

அளவும் பார்க்க வேண்டும். சதைத் துணுக்கு எடுக்கும் இடுக்கியை விரித்தால் வாய் சுமார் 7 மில்லிமீட்டர். பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் திட்டு அதைப் போல இரண்டு மடங்கு, ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர். 5 மில்லிமீட்டருக்குக் குறைவாக, மேலோட்டமாக இருந்தால் அதை அல்சர் என்று சொல்வதில்லை, அது படலம் மேலாக மட்டும் அரிந்துபோன ‘எரோஷன்’.

மடிப்புகள் இன்னொரு தலைவலி. இரைப்பையின் நடுப்பகுதியில் நீளவாக்கில் மடிப்புகள் இருப்பது இயல்புதான். காற்றடித்து விரித்தால் அவை தட்டையாகிவிடும். காற்று போதாவிட்டால் மடிப்புக்கு நடுவே ஒரு புண்ணே ஒளிந்துகொள்ளும். புண்ணைச் சுற்றிய மடிப்புகள் வேறு மாதிரி. காற்றடித்தாலும் சக்கரத்தின் ஆரம்போல அதை நோக்கியே வரும். அவை மெலிந்து விளிம்பு வரை வந்தால் சாதாரணப் புண்ணாக இருக்க வாய்ப்பு அதிகம். நுனி தடித்தோ, ஒன்றோடொன்று ஒட்டியோ, நடுவழியில் வெட்டுப்பட்டதுபோல நின்றோ இருந்தால் புற்றுநோய்ச் சந்தேகம் வரும்.

நம்மவருக்கு மடிப்புகள் மெலிந்தே இருந்தன. இருந்தும் விளிம்பின் நாலு பக்கத்திலிருந்தும் துணுக்குகள் எடுத்து அனுப்பினோம். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை புற்றுப்புண்ணைக்கூட மேலாக ஆறவைத்துவிடும். வலியும் போய்விடும், கண்ணும் ஏமாறும். துணுக்குகளில் புற்று இல்லை. வலி மாத்திரையை நிறுத்தி, எட்டு வாரம் கழித்து மறுபடி பார்த்தோம்.

அந்த இரண்டாவது படத்தையும் வகுப்பில் காட்டுவேன். வெள்ளை இல்லை, இறக்கம் இல்லை, எல்லாம் இளஞ்சிவப்பு. ‘நார்மல்’ என்று உடனே பதில் வரும். போன வாரம் ஒரு பெண் மட்டும் பேசாமல் திரையருகே வந்து, மடிப்புகள் ஒன்றுகூடும் இடத்தில் விரலை வைத்தார். அங்கே சின்னதாக ஒரு சிவப்புத் தழும்பு இருந்தது.