ஒரு தடவை அழுத்தினால் இரண்டு கிளிக்: மௌஸை மாற்றுவதா, ஸ்விட்சை மாற்றுவதா?

ஃபைலை ஒரு கிளிக்கில் தேர்ந்தெடுக்கப் போனால் அது திறந்துகொள்கிறது, ஒரு டேபை மூடினால் பக்கத்து டேபும் சேர்ந்து போய்விடுகிறது, எதையாவது பிடித்து இழுத்தால் பாதி வழியில் கைவிட்டு நிற்கிறது. இந்த மூன்றில் இரண்டு இருந்தாலே இடது பட்டனின் ஸ்விட்ச் தேய ஆரம்பித்துவிட்டது என்று சந்தேகப்படலாம். ஆனால் பழுது பார்க்க என் கடைக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் அதற்குள் வைரஸ் என்று நினைத்து ஆன்டிவைரஸ் போட்டு, விண்டோஸையே அழித்து மறுபடி ஏற்றி, அதில் ஒரு நாள் வேலையையும் இழந்துவிட்டுத்தான் வருகிறார்கள். அந்த வலி தேவையே இல்லாதது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

திருப்பூரில் பனியன் பிரிண்டிங் யூனிட் ஒன்றில் டிசைன் போடும் ஒரு தம்பி மௌஸைக் கொண்டுவந்தார். வாங்கும்போது மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய், வாரண்டி முடிந்துவிட்டது. "அண்ணா, ரெண்டு தடவ ஃபார்மேட் அடிச்சாச்சுங்க, அப்புறமும் இப்படியேதானுங்க பண்ணுது" என்றார். கோரல்டிராவில் ஒரு புள்ளியைப் பிடித்து இழுத்துக்கொண்டே போகும்போது கோடு நடுவில் விட்டுப்போகிறது, அதைச் சரிசெய்வதிலேயே நேரம் போகிறது என்பதுதான் அவருடைய கவலை.

முதலில் மௌஸை என் கம்ப்யூட்டரில் செருகினேன், அங்கேயும் அதே கோளாறு. அப்படியென்றால் விண்டோஸ் மேல் பழி இல்லை. அப்புறம் பெயின்ட் திறந்து, இடது பட்டனை லேசாக, விரலின் பாரம் மட்டும் படும்படி பிடித்துக்கொண்டு நீளமாக ஒரு கோடு இழுத்தேன். அழுத்திப் பிடித்தால் ஒழுங்காக வந்த கோடு, லேசாகப் பிடித்தபோது இரண்டு மூன்று இடத்தில் அறுந்தது. இந்தச் சோதனையை யாரும் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். வயர்லெஸ் மௌஸ் என்றால் மட்டும் அதற்கு முன் புது பேட்டரி போட்டு, ரிசீவரை மௌஸுக்குப் பக்கத்தில் செருகிப் பாருங்கள், சிக்னல் விட்டுவிட்டு வந்தாலும் இதே போலத்தான் தெரியும்.

விண்டோஸில் டபுள் கிளிக் வேகத்தைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. ஆகாது. விண்டோஸ் சாதாரணமாக 500 மில்லிசெகண்டுக்குள் வரும் இரண்டு அழுத்தலை டபுள் கிளிக்காக எடுத்துக்கொள்ளும். தேய்ந்த ஸ்விட்ச் அனுப்பும் இரண்டாவது அழுத்தலோ சில மில்லிசெகண்டிலிருந்து சில பத்து மில்லிசெகண்டுக்குள் வந்துவிடும், மனுசன் விரலால் அந்த வேகத்தில் தட்டவே முடியாது. அந்த ஸ்லைடரை எந்தக் கோடிக்குத் தள்ளினாலும் இது உள்ளேதான் விழும்.

உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பட்டனுக்கு அடியில் 12.8 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு குட்டிக் கறுப்புப் பெட்டி இருக்கும், அதன் தலையில் ஒரு சின்னக் குமிழ். பெட்டிக்குள் செம்புக் கலவையில் செய்த மெல்லிய பட்டை ஒன்று வளைந்த விறைப்போடு நிற்கும். குமிழ் இறங்கும்போது அது சட்டென்று துள்ளி, கீழே உள்ள முனையைத் தொடும். அந்தத் துள்ளல்தான் நாம் கேட்கும் 'டிக்'. புது ஸ்விட்சிலும் பட்டை தொட்டவுடன் கொஞ்சம் அதிரும். அது அடங்கும்வரை சிக்னலைக் கணக்கில் எடுக்காமல் விடும்படி மௌஸின் சிப்பில் ஒரு சிறு இடைவெளி வைத்திருப்பார்கள். நாளாக நாளாகப் பட்டையின் விறைப்பு தளரும், தொடும் புள்ளியில் கறுப்பாகப் படலம் படியும். மௌஸில் ஓடும் மின்சாரம் மிகக் குறைவு, ஒரு மில்லிஆம்பியர் அளவுதான், அந்தப் படலத்தை எரித்துத் தள்ளும் சக்தி அதற்குக் கிடையாது. அதனால் தொடுகை விட்டுவிட்டு வருகிறது, அதிர்வு சிப் ஒதுக்கிய இடைவெளியைத் தாண்டிப் போகிறது, ஒரு அழுத்தல் இரண்டாக எண்ணப்படுகிறது.

மௌஸ் வரும் அட்டைப்பெட்டியில் ஒரு கோடி கிளிக், இரண்டு கோடி கிளிக் என்று போட்டிருக்கும். நாளுக்கு 5,000 கிளிக் என்று வைத்தால் ஒரு கோடிக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் வர வேண்டும். ஆனால் என்னிடம் வரும் மௌஸ்களில் பல இரண்டு வருஷத்திலேயே கைகொடுக்காமல் போனவை. துள்ளும் பட்டை உடையாமல் இருப்பது வேறு, தொடுகை சுத்தமாக இருப்பது வேறு. அந்த எண்ணை நம்பி மௌஸ் வாங்காதீர்கள்.

சரி, அந்தத் தம்பியின் மௌஸுக்கு வருவோம். ஸ்க்ரூ பெரும்பாலும் அடியில் ஒட்டியிருக்கும் வழுக்குப் பட்டைக்குக் கீழே ஒளிந்திருக்கும், ஹேர் டிரையரால் லேசாகச் சூடேற்றி எடுத்தால் பட்டை கிழியாது. திறந்ததும் சக்கரத்தைச் சுற்றி பஞ்சுத் தூசி, எங்கள் ஊரில் எந்த மெஷினைத் திறந்தாலும் இதுதான். கான்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு குமிழின் ஓரத்தில் விட்டு, ஐம்பது அறுபது தடவை தட்டிக் காயவிட்டேன். கோடு அறுபடாமல் வந்தது. ஆனால் ஒரு மாதம் தாண்டவில்லை, மறுபடி வந்தார். படலம் மட்டும் காரணமாக இருந்தால் சுத்தம் செய்த பலன் நிலைக்கும். பட்டை தளர்ந்திருந்தால் நிலைக்காது. பெட்டியின் மூடியைக் கழற்றிப் பட்டையை வளைத்து விடும் வித்தையும் இருக்கிறது, ஆனால் அதுவும் கொஞ்ச நாளைக்குத்தான், கை நடுங்கினால் பட்டையே தொலையும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. தையல் மெஷின் எண்ணெயைக் குமிழில் விட்டுக் கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள், பனியன் கம்பெனியில் அது எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். முதல் நாள் சரியானது போலத் தெரியும், பிறகு எண்ணெயில் பஞ்சு ஒட்டித் தொடுகையே மூடிப்போகும். அந்த ஸ்விட்சை அப்புறம் யாராலும் காப்பாற்ற முடியாது.

இரண்டாம் முறை ஸ்விட்சையே மாற்றினேன். D2F வகை என்று சொல்லிக் கேட்டால் இந்த அளவில் பல கம்பெனி ஸ்விட்ச் கிடைக்கும். பழையதைப் பலமாகப் பிடித்து இழுக்கக் கூடாது, மூன்று காலிலும் முதலில் கொஞ்சம் புது ஈயம் சேர்த்துவிட்டுப் பிறகு உறிஞ்சி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் போர்டின் செம்புத் தடமே பெயர்ந்து வரும். குமிழ் பெட்டியின் நடுவில் இருக்காது, ஒரு பக்கம் தள்ளியிருக்கும். திருப்பிப் போட்டால் பட்டனின் நாக்கு அதன் மேல் படாது. இடது வலது இரண்டையும் சேர்த்தே மாற்றினேன், ஒன்று கெட்டியாகவும் ஒன்று மெதுவாகவும் இருந்தால் நாள் முழுக்க வேலை செய்கிறவருக்கு எரிச்சலாக இருக்கும். ஸ்விட்ச் இரண்டும் கூலியும் சேர்த்து நானூறு ரூபாய்க்குள் முடிந்தது.

இந்தக் கணக்கை வைத்தே முடிவெடுங்கள். முந்நூறு, நானூறு ரூபாய் மௌஸுக்கு நான் கூலி வாங்க மாட்டேன், புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன். ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் போன மௌஸ், அல்லது கைக்குப் பழகிப்போய் இப்போது கடையில் கிடைக்காத மாடல் என்றால் ஸ்விட்ச் மாற்றுவதுதான் லாபம். வாரண்டி இருந்தால் திறக்கவே வேண்டாம், பில்லோடு கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். சக்கரமும் வழுக்குகிறது, கேபிளும் பிய்கிறது என்றால் ஸ்விட்சுக்குச் செலவு செய்வது வீண்.

ஸ்விட்ச் வரும்வரை வேலை நிற்காமல் இருக்க ஒரு வழி உண்டு. `main.cpl` என்று ரன் பெட்டியில் அடித்து, `Switch primary and secondary buttons` என்பதில் டிக் போட்டால் இடது வலது மாறிவிடும். வலது ஸ்விட்ச் பெரும்பாலும் அவ்வளவு தேய்ந்திருக்காது.

புதிதாகத்தான் வாங்கப் போகிறீர்கள், கிளிக் அதிகம் செய்யும் வேலை என்றால், ஆப்டிகல் ஸ்விட்ச் உள்ள மௌஸைக் கேளுங்கள். உலோகம் உலோகத்தைத் தொடுவதற்குப் பதில் ஒளியை மறைத்தும் திறந்தும் கிளிக்கை அறிகிறது, அதனால் இந்தக் கோளாறு அதற்குக் கிட்டத்தட்ட வராது. விலை கூடுதல், அது கெட்டால் எங்களைப் போன்ற கடைகளில் உதிரி சுலபமாகக் கிடைக்காது. சென்சார் ஆப்டிகல் என்று பெட்டியில் போட்டிருப்பது இதுவல்ல, கிட்டத்தட்ட எல்லா மௌஸிலும் அது இருக்கும். ஸ்விட்ச் ஆப்டிகலா என்று தனியாகக் கேட்டு வாங்குங்கள்.