R² எதையும் ‘தீர்மானிப்பதில்லை’

ஓர் அளவிலிருந்து இன்னோர் அளவை ஊகிக்கக் கோடு வரையும் தொடர்புப் போக்கு வீட்டுப்பாடங்களைத் திருத்துகிறவர்கள் ஒரு வரியை ஓயாமல் பார்க்கிறார்கள்: “R² = 0.75. ஆகவே உயரம் எடையின் 75 சதவீதத்தைத் தீர்மானிக்கிறது.” சிவப்பு மையால் அடித்துவிடலாம். ஆனால் தவறு மாணவருடையது மட்டும் அல்ல. R² என்பதற்கு நாம் வைத்திருக்கும் பெயரே ‘தீர்மானக் கெழு’. பெயரில் இருப்பதைத்தான் அவர் வாக்கியமாக விரித்து எழுதியிருக்கிறார்.

சொல்லின் பிறப்பு சுருக்கமானது. அமெரிக்க மரபியலாளர் செவால் ரைட் 1921-இல் ஒட்டுறவையும் காரணத்தையும் பற்றி எழுதிய கட்டுரையில் இந்த அளவைக்கு ‘coefficient of determination’ என்று பெயர் வைத்தார். காரணத்திலிருந்து விளைவுக்கு அம்புக்குறி வரைந்து, ஒவ்வொரு காரணமும் விளைவை எந்த அளவு நிர்ணயிக்கிறது என்று கணக்கிட்டவர் அவர். அம்புக்குறிகள் முன்கூட்டியே தெரிந்திருக்கும் அந்த இடத்தில் ‘நிர்ணயம்’ பொருந்தியது. பிறகு அம்புக்குறிகள் போய்விட்டன, பெயர் மட்டும் எல்லாப் பாடநூலிலும் தங்கிவிட்டது. தமிழாக்கியவர்கள் அகராதியைத் திறந்து ‘தீர்மானம்’ என்று எடுத்து வைத்தார்கள். சூத்திரம் என்ன செய்கிறது என்று பார்த்திருந்தால் இந்தச் சொல் கிடைத்திருக்காது.

சூத்திரத்தைப் பார்ப்போம். ஐந்து பேரின் உயரம் 150, 155, 160, 165, 170 செ.மீ. அவர்களின் எடை அதே வரிசையில் 56, 54, 62, 60, 68 கிலோ. சராசரி உயரம் 160, சராசரி எடை 60. பிழைகளின் வர்க்கக் கூடுதலை மிகச் சிறிதாக்கும் மீச்சிறு வர்க்க முறையில் கிடைக்கும் கோடு இது; 0.6 அதன் சாய்வு, -36 வெட்டுத்துண்டு:

```
எடை = -36 + 0.6 × உயரம்
R² = 0.75
```

உயரம் தெரியாதபோது எல்லோருக்கும் 60 கிலோ என்றே ஊகிக்க வேண்டும். அப்போது பிழைகள் -4, -6, 2, 0, 8. இவற்றின் வர்க்கக் கூடுதல் 120. கோட்டை வைத்து ஊகித்தால் 54, 57, 60, 63, 66 என்று வரும். பிழைகள் 2, -3, 2, -3, 2. வர்க்கக் கூடுதல் 30. 120-இல் 90 குறைந்தது, 90/120 = 0.75. R² சொல்வது இவ்வளவுதான்: சராசரியைச் சுற்றியிருந்த சிதறலில் எவ்வளவு பங்கு கோட்டால் குறைந்தது என்பது. இதில் தீர்மானம் எங்கே இருக்கிறது?

இன்னும் ஒரு சோதனை உண்டு. மாற்றிப் போட்டு, எடையிலிருந்து உயரத்தை ஊகியுங்கள். சாய்வு 1.25 ஆகிவிடும். R² அதே 0.75. உயரம் எடையைத் தீர்மானிக்கிறது என்றால், அதே எண்ணை வைத்து எடை உயரத்தைத் தீர்மானிக்கிறது என்றும் சொல்லியாக வேண்டும். அறுபது கிலோவுக்கு உடம்பை ஏற்றினால் யாரும் நெட்டையாகப் போவதில்லை. இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் எண்ணுக்கு ஒரு பக்கம் மட்டும் பாயும் வினைச்சொல்லைச் சூட்டியதுதான் இங்கே குற்றம்.

முதல் ஆளையும் கடைசி ஆளையும் நீக்கிவிட்டு நடுவில் உள்ள மூவரை மட்டும் எடுத்தாலும் வேடிக்கை இருக்கிறது. சாய்வு அதே 0.6 தான், R² மட்டும் 0.52-க்கு இறங்கிவிடுகிறது. உயரத்துக்கும் எடைக்கும் உள்ள உறவு மாறவில்லை. உயரங்களின் வீச்சுதான் குறுகியது. உயரத்துக்கு ‘தீர்மானிக்கும் சக்தி’ என்று ஒன்று இருந்தால் இருவரை நீக்கியதும் அது ஏன் குறைகிறது என்று இந்தப் பெயரை ஆதரிப்பவர்கள் சொல்லட்டும்.

‘விளக்கக் கெழு’ என்று வைக்கலாமே என்பவர்கள் உண்டு. கொஞ்சம் மேல். ஆனால் ‘விளக்குகிறது’ என்றதும் தமிழ்க் காதுக்குக் காரணம் சொல்வதாகவே கேட்கும். நோயை விளக்கினார் என்றால் ஏன் வந்தது என்று சொன்னார் என்றுதானே பொருள்! ‘பொருத்தக் கெழு’வும் ஆகாது: வளைந்து செல்லும் புள்ளிகளுக்கு நேர்கோடு போட்டாலும் R² உயர்ந்தே வரக்கூடும். ‘சிதறல் குறைப்பு விகிதம்’ என்பதே என் தேர்வு. மூன்று சொல், நீளம்தான். ஆனால் கையால் கணக்கிட்ட மாணவருக்கு 120-உம் 30-உம் அந்தப் பெயரிலேயே தெரியும்.

இந்தப் பெயர் இருந்தால் வேறு இரண்டு தவறான விடைகளும் தலைகாட்டாது. “75 சதவீதப் புள்ளிகள் கோட்டிலேயே அமைகின்றன” என்பது ஒன்று. நம் ஐந்தில் ஒரு புள்ளி கூடக் கோட்டில் அமையவில்லை. “ஊகம் 75 சதவீதம் சரியாக இருக்கும்” என்பது மற்றொன்று. குறைந்தது வர்க்கக் கூடுதல். கிலோவில் பார்த்தால், 30/120-இன் வர்க்கமூலம் 0.5, அதாவது பிழையின் பரவல் பாதியாகத்தான் ஆகியிருக்கிறது.

கோட்டைப் பற்றிய மற்ற இரண்டு சொற்களான ‘சாய்வு’, ‘வெட்டுத்துண்டு’ ஆகியவற்றில் குறை குறைவு. ‘சாய்வு’ நல்ல சொல். கெட்டுப்போவது வாக்கியத்தில்: “உயரம் 1 செ.மீ. கூடினால் எடை 0.6 கிலோ கூடும்.” யாரும் இங்கே வளரவில்லை. உயரத்தில் 1 செ.மீ. வேறுபடும் இருவரை ஒப்பிட்டால், உயரமானவரின் எடை சராசரியாக 0.6 கிலோ அதிகம் என்பதே சரி. சாய்வு 0.6 சிறியது, ஆகவே தொடர்பு பலவீனம் என்பதற்கும் மதிப்பெண் தரக் கூடாது. உயரத்தை மீட்டரில் எழுதினால் சாய்வு 60 ஆகிவிடும், R² இம்மியும் நகராது.

‘வெட்டுத்துண்டு’ கோடு அச்சை வெட்டும் இடத்தைச் சொல்கிறது, வேறெதையும் சொல்லவில்லை. அதுவே அதன் சிறப்பு. சிலர் இதை ‘ஆரம்ப மதிப்பு’ என்று எளிமைப்படுத்துகிறார்கள். விளைவு: “ஒருவரின் ஆரம்ப எடை -36 கிலோ” என்று விடைத்தாளில் வருகிறது. எளிமை என்ற பெயரில் பொருளைக் கெடுப்பது இதுதான். தரவு 150 முதல் 170 வரை மட்டுமே. பூச்சிய உயரத்துக்குக் கோட்டை இழுக்க நமக்கு உரிமை இல்லை. -36 கோட்டை நிறுத்திவைக்கும் எண், எவருடைய எடையும் அல்ல. பொருளுள்ள எண் வேண்டுமென்றால் உயரத்திலிருந்து 160-ஐக் கழித்துவிட்டுக் கணக்கிடச் சொல்லலாம். சாய்வும் R²-உம் மாறாது, வெட்டுத்துண்டு 60 ஆகும்: 160 செ.மீ. உயரமுள்ளவர்களுக்குக் கோடு ஊகிக்கும் எடை.

‘தொடர்புப் போக்கு’ என்பதையே ‘பின்னடைவு’ என்று எழுதும் வழக்கம் இப்போது இணையத்தில் பரவுகிறது. ‘regression’ என்ற ஆங்கிலச் சொல்லால் 1886-இல் ஃபிரான்சிஸ் கால்டன் சொன்னது, மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியை நோக்கித் திரும்புவதை. தோல்வியையோ சரிவையோ அல்ல. ‘பின்னடைவுப் பகுப்பாய்வு’ என்று படிப்பவர் தேர்தல் முடிவைத்தான் நினைப்பார்.

பாடநூலில் ‘தீர்மானக் கெழு’ இருக்கும்வரை தேர்வில் அந்தப் பெயரை எழுதியே ஆக வேண்டும். பெயருக்குப் பின் வரும் வாக்கியத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. “இந்த ஐவரின் எடைச் சிதறலில் (வர்க்கக் கூடுதலில்) 75 சதவீதம், உயரத்தை வைத்து ஊகிக்கும்போது குறைகிறது” என்று எழுதிய தாளுக்கு முழு மதிப்பெண் கொடுங்கள்.