ஸ்டாக் நோட்டில் 38, அலமாரியில் 43

நெல்லைப் பக்கம் ஒரு எலக்ட்ரிகல் கடை. இருபது வருடமாக ஸ்டாக் நோட்டு எழுதி வந்தவர்கள், ஏப்ரல் 1 முதல் கம்ப்யூட்டருக்கு மாறுவது என்று முடிவு செய்தார்கள். நான் அங்கே கணக்கு பார்க்கிறவன். மார்ச் 31 இரவு ஷட்டரை இறக்கியதும் உரிமையாளர், "சார், நோட்டுல உள்ளதை அப்படியே ஏத்திருங்க. நம்ம நோட்டு தப்பாது" என்றார். சரி அண்ணாச்சி, ஒரே ஒரு சரக்கை மட்டும் எண்ணிப் பார்ப்போம் என்று 1.5 சதுர மி.மீ. சிவப்பு வயரை எடுத்தேன்.

நோட்டில் இருப்பு 38 காயில். அலமாரியில் பிரிக்காத காயில் 43, அது போக வெட்டி விற்ற மிச்சமாக 70 மீட்டர். இரண்டில் எது சரி என்று கேட்டால், இரண்டுமே இல்லை.

முதலில் வந்த சரக்கைப் பார்த்தோம். மார்ச் 30 அன்று 10 காயில் டெலிவரி சலானோடு வந்திருக்கிறது. பில் ஏப்ரலில்தான் வரும், பில் வந்த பிறகே நோட்டில் எழுதுவது கடையின் வழக்கம். அதைச் சேர்த்தால் நோட்டு 48 ஆகிறது. அடுத்து விற்ற சரக்கு. 31ஆம் தேதி ஒரு காண்ட்ராக்டருக்கு 4 காயில் பில் போட்டு நோட்டில் கழித்தாகிவிட்டது. ஆனால் அவர் இன்னும் எடுத்துப் போகவில்லை. அலமாரியில் இருந்தாலும் அது கடையின் சரக்கு இல்லை. ஆக நம்முடையது 39 காயிலும் 70 மீட்டரும்.

இந்த இரண்டும் தெரியாமல் நோட்டையோ எண்ணிக்கையையோ ஏற்றியிருந்தால் என்ன ஆகும்? எண்ணிய 43ஐ அப்படியே போட்டால், ஏப்ரலில் அந்தப் பில்லைக் கொள்முதலாகப் பதியும்போது 10 காயில் இரண்டாம் முறை ஏறும். காண்ட்ராக்டர் எடுத்துப்போகும் 4 காயிலுக்கு மென்பொருளில் பில்லே இருக்காது, அது பழைய பில் புத்தகத்தில் கிடக்கும். முதல் மாதமே 14 காயில் காகிதத்தில் மட்டும் இருக்கும். கடைப்பையனைச் சந்தேகப்படுவது அப்படித்தான் ஆரம்பிக்கிறது.

நான் அந்த 10 காயிலை இருப்பிலும், வர வேண்டிய பில்லின் பேரில் தர வேண்டிய கடனாகவும் மார்ச்சிலேயே காட்டினேன். ஏப்ரலில் பில் வந்ததும் அந்தக் கடன் பில் கணக்குக்கு மாறும், அளவு மறுபடி ஏறாது.

இனி மிச்ச வித்தியாசம். இங்கே காயிலை விட்டு மீட்டருக்கு வந்தாக வேண்டும். காயிலுக்கு 90 மீட்டர் என்றால் நோட்டின்படி 48 காயில் 4,320 மீட்டர். கையில் உள்ளது 3,580. குறைவு 740 மீட்டர். வெட்டி விற்கும் வயரை இந்தக் கடையில் பில்லில் மட்டும் எழுதுகிறார்கள், நோட்டில் கழிப்பதில்லை. கடைசியாக நேரில் எண்ணிச் சரிபார்த்த நாளிலிருந்து பில்களைப் புரட்டிக் கூட்டினால் 650 மீட்டர். மீதி 90, அதாவது சரியாக ஒரு காயில். அதற்குக் காரணம் கிடைக்கவில்லை. உரிமையாளர் கையெழுத்தோடு பழைய நோட்டிலேயே மார்ச் 31 தேதியில் குறைவு என்று எழுதினோம். புதிய மென்பொருளில் ஏப்ரல் மாதம் 'அட்ஜஸ்ட்மெண்ட்' போட்டு மறைப்பதை நான் ஒத்துக்கொள்வதில்லை. போன வருடத்து ஓட்டையை இந்த வருடத்துக் கணக்கில் ஏன் அடைக்க வேண்டும்?

இந்தச் சரக்குக்கு அலகாக மீட்டரை வைத்தோம், காயில் மாற்று அலகு. வெட்டி விற்கும் எதற்கும் சின்ன அலகுதான் அடிப்படை. பரிவர்த்தனை ஏறிய பிறகு அலகை மாற்றப் பல மென்பொருள்கள் விடாது. அதனால் இதை முதல் நாளே தீர்மானிக்க வேண்டும்.

அப்புறம் விலை. ஒரு காயில் 1,800 ரூபாய்க்கு வாங்கியது, ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி. நோட்டின் ஓரத்தில் பென்சிலால் 2,124 என்று வரி சேர்த்து எழுதியிருந்தது. உள்ளீட்டு வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் கடை, இருப்பை வரி இல்லாத விலையில்தான் காட்ட வேண்டும். மீட்டருக்கு 20 ரூபாய், மொத்தம் 71,600. பென்சில் விலையைப் போட்டிருந்தால் 84,488 ஆகியிருக்கும்.

இன்னொரு தவறு இதைவிடப் பெரியது, ஆனால் பிடிப்பது சுலபம். அலகு மீட்டராக இருக்க, விலைக் கட்டத்தில் காயில் விலையைத் தட்டிவிடுவது. ஒரே வயருக்கு அறுபத்து நாலு லட்சம் ரூபாய் இருப்பு காட்டும்! ஏற்றி முடித்ததும் சரக்குகளை மதிப்பு வாரியாக, பெரியது மேலே வரும்படி அடுக்கிப் பாருங்கள். முதல் இருபது வரிகளில் இது தலை காட்டிவிடும். கீழ்க்கோடியில் பூஜ்ய மதிப்போடு நிற்பவற்றையும் பாருங்கள், அவை விலை போட மறந்தவை. இரண்டும் சரியான பிறகு, மொத்த மதிப்பு மார்ச் 31 இருப்புநிலைக் குறிப்பில் உள்ள கடைசி இருப்போடு ரூபாய்க்கு ரூபாய் பொருந்த வேண்டும்.

மணி பன்னிரண்டரை. "மத்ததையும் எண்ணணுமா சார்?" என்றார் உரிமையாளர். அடுத்த தட்டில் ஸ்விட்ச் பெட்டிகள். நோட்டில் 60 என்று இருந்தது. பெட்டியா, உருப்படியா என்று எழுதவில்லை.