திப்பி பாத்திரத்தில் பிறக்கிறது, மிக்ஸியில் அல்ல

வேகவைத்த கொண்டைக்கடலையை எலுமிச்சைச் சாறும் எண்ணெயும் சேர்த்து அரைக்கும் விழுது, பார்ப்பதற்கு மிக எளிய தயாரிப்பு. ஆனால் சமையல் பயிற்சி வகுப்புகளில் என்னிடம் அதிகம் வரும் புகார்களில் ஒன்று, அது நாக்கில் நறநறவென்று படுகிறது என்பதுதான். புகாரோடு வருபவர்களில் பெரும்பாலோர் மிக்ஸியைத்தான் குற்றம் சொல்கிறார்கள், சிலர் புதிய மிக்ஸி வாங்கிவிட்டே வருகிறார்கள். கடலை முழுவதுமாகக் குழையவில்லை என்றால் எவ்வளவு வலிமையான மிக்ஸியும் அதைச் சிறு துணுக்குகளாக வெட்டுமே தவிர, மைபோல ஆக்காது.

காரணம் கடலையின் உள்ளமைப்பில் இருக்கிறது. பருப்பின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருப்பது பெக்டின் என்னும் பசைப்பொருள். கொதிநீரில் நேரம் செல்லச்செல்ல இது கரைந்து, செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று எளிதில் பிரியும் நிலைக்கு வரும்போதுதான் கடலை மசியும். புளிப்பு இந்தக் கரைதலைத் தாமதப்படுத்தும், சமையல் சோடா விரைவுபடுத்தும். கடின நீரில் உள்ள சுண்ணாம்புச்சத்து பெக்டினை இறுக்கிப்பிடிக்கும் என்பதால், அத்தகைய நீரில் கடலை எவ்வளவு நேரம் கொதித்தாலும் நடுவில் ஒரு விறைப்பு மிஞ்சும். நெடுநாள் சேமித்துவைத்த பழைய கடலையும் இதே போலத்தான் அடம்பிடிக்கும்.

நான் பின்பற்றும் அளவு இது. 250 கிராம் காய்ந்த வெள்ளைக் கொண்டைக்கடலையை ஒரு லிட்டருக்குக் குறையாத நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, அந்த நீரை வடித்துவிட்டு, புதிய நீரில் அரைத் தேக்கரண்டி சமையல் சோடா சேர்த்துத் திறந்த பாத்திரத்தில் மிதமான தீயில் வேகவைக்க வேண்டும். நுரையும் கழன்ற தோலும் மேலே மிதந்து வரும், அவற்றைக் கரண்டியால் அள்ளி எறிந்துவிடலாம். பிரஷர் குக்கரைப் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சோடா சேர்த்த கடலை மிகுதியாக நுரைக்கும், நுரையும் தோலும் ஆவி வெளியேறும் துளையை அடைத்துவிடக்கூடும். ஆகவே பாதிக்கு மேல் நிரப்பாமல், முதல் நுரையைத் திறந்த நிலையிலேயே அள்ளி எடுத்தபின் மூடுவது பாதுகாப்பானது. சோடாவின் அளவைக் கூட்டினால் விரைவில் வேகும் என்று எண்ணிவிடக் கூடாது, மிஞ்சினால் சோப்புக் கட்டியை நக்கியதைப் போன்ற சுவை வந்துவிடும்.

எத்தனை நிமிடம் என்று என்னால் சொல்ல முடியாது. கடலையின் வயதைப் பொறுத்து அரை மணி நேரமும் ஆகலாம், ஒன்றரை மணி நேரமும் ஆகலாம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சோற்றுக்குச் சரி, கடலைக்குப் பொருந்தாது, ஏனென்றால் ஒரே பாத்திரத்தில் ஒரு கடலை குழைந்திருக்க அதன் பக்கத்தில் கிடப்பது விறைப்பாகவே இருக்கும். வெவ்வேறு இடங்களிலிருந்து ஐந்தாறு கடலைகளை எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் வைத்து மெல்ல அழுத்த வேண்டும். எல்லாமே எதிர்ப்பின்றி நசுங்கி, விரலில் பசைபோலப் படிந்தால் அதுதான் பதம். சுண்டலுக்கு ஏற்ற பதத்தை இது தாண்டியிருக்கும், கடலை உருக்குலைந்து போகிறதே என்று கவலைப்படத் தேவையில்லை.

அரைக்கும் வரிசையும் முக்கியம். கடலை சூடு ஆறுவதற்குள், வெந்நீர் இல்லாமல், அதை மட்டும் தனியாக அரைத்து உலர்ந்த மாவுபோலக் கட்டியாக வரும்வரை விட வேண்டும். எண்ணெயைத் தொடக்கத்திலேயே ஊற்றினால் கடலை வழுக்கிக்கொண்டு ஜாரின் ஓரத்திலேயே ஒதுங்கி நிற்கும், பிளேடு வெற்றிடத்தில் சுற்றும். கட்டியாக வந்தபின் 3 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறும் உப்பும், பிறகு குளிர்ந்த நீரைக் கரண்டி கரண்டியாக 4 முதல் 6 மேசைக்கரண்டி வரையும் சேர்க்கலாம். கடைசியாக 60 மில்லி எண்ணெயை மெல்லிய கம்பிபோல ஊற்ற வேண்டும். எள் விழுது சேர்க்காத இந்த வகையில் கொழகொழப்பைத் தருவது எண்ணெய் மட்டுமே என்பதால், அது சிறு துளிகளாகப் பிரிந்து விழுதோடு கலப்பதற்கு நேரம் கொடுக்க வேண்டும். ஆலிவ் எண்ணெயாக இருந்தால் அதிவேகத்தில் நெடுநேரம் சுற்ற விடக் கூடாது, கசப்பு எழக்கூடும். குறைந்த வேகத்தில் சேர்ப்பதோ கையால் கலப்பதோ நல்லது.

இனி, ஏற்கெனவே திப்பியாகிவிட்ட விழுதை என்ன செய்வது? அண்மையில் என் வகுப்பில் ஒருவர் கொண்டுவந்த கிண்ணத்தையே எடுத்துக்கொள்கிறேன். முதலில் அரைக் கரண்டி விழுதைக் கருமையான தட்டில் மெல்லியதாகத் தடவிப் பார்த்தோம். கண்ணாடித்தாள்போல் ஒளி ஊடுருவும் செதில்கள் தெரிந்தால் அது தோல், வெறும் சல்லடையில் கரண்டியின் முதுகால் தேய்த்து வடிகட்டினால் தீர்ந்துவிடும். அவருடைய தட்டில் செதில்கள் குறைவு. விரலால் தேய்த்தபோது ரவைபோல உருண்டு, அழுத்தினாலும் நசுங்காத மணிகளே நிறைந்திருந்தன. விசாரித்தபோதுதான், மணம் ஏறட்டும் என்று கடலை வேகும்போதே எலுமிச்சையைப் பிழிந்துவிட்டிருந்தார் என்பது தெரிந்தது. புளிப்பு கடலையை வேகவிடாமல் பிடித்துவைத்திருந்தது.

ஏறத்தாழ 600 கிராம் இருந்த அந்த விழுதை அடிகனமான பாத்திரத்தில் போட்டு, ஒரு குவளைத் தண்ணீரில் கரைத்து, சோடாவைக் கால் கால் சிட்டிகையாகத் தூவினோம். ஒவ்வொரு முறையும் நுரைத்தது, சோடா புளிப்போடு வினைபுரிந்து அதை அழிக்கிறது என்பதன் அடையாளம் அது. நுரைப்பது நின்றவுடன் சோடாவையும் நிறுத்திவிட்டு, மிகக் குறைந்த தீயில் விடாமல் கிளறிக்கொண்டே இருபது நிமிடம் வைத்தோம். கெட்டியான விழுது கொப்புளித்துத் தெறிக்கும், நீண்ட கைப்பிடிக் கரண்டி இல்லாமல் இதில் இறங்க வேண்டாம். விரலில் மணிகள் நசுங்கத் தொடங்கியபின் சூடாகவே மீண்டும் அரைத்து, ஆறியதும் புதிய எலுமிச்சைச் சாறு இரண்டு கரண்டி சேர்த்தோம். விழுது வழுவழுப்பாக வந்தது. ஆனால் புளிப்பும் சோடாவும் சேர்ந்து விட்டுச்சென்ற ஒரு மெல்லிய உப்புச்சுவை எஞ்சியிருந்ததால், முதலில் போட்ட உப்புக்கு மேல் ஒரு துளியும் சேர்க்கவில்லை. குறையை மீட்கும் வழியே தவிர, முதலிலிருந்தே சரியாகச் செய்ததற்கு அது ஈடாகாது.

குளிர்சாதனப் பெட்டியில் வைத்தபின் விழுது இறுகுவதைச் சிலர் திப்பி என்று தவறாக எண்ணுகிறார்கள். வெந்த மாவுச்சத்து குளிரும்போது கெட்டிப்படுவது இயல்பு, ஒன்றிரண்டு கரண்டி குளிர்ந்த நீர் விட்டுக் கலந்தால் தளர்ந்துவிடும். டப்பாக் கடலையை வாங்குகிறவர்களுக்கோ வேறு சிக்கல்: அது வெந்ததாகவே தோன்றினாலும், சில டப்பாக்களில் உருக்குலையாதிருக்கக் கால்சியம் குளோரைடு சேர்க்கப்படுவதால் உள்ளே விறைப்பு இருக்கும். நீரை வடித்துக் கழுவி, ஒரு சிட்டிகை சோடாவுடன் புதிய நீரில் பதினைந்து முதல் இருபது நிமிடம் கொதிக்கவிட்டு, அதே விரல் சோதனையைச் செய்துவிட்டு அரைத்தால் டப்பாக் கடலையும் மசியும்.