மார்க்கப்: குறியிடல்

கணினிக்கு முன்பே அச்சகத்தில் புழங்கிய சொல் 'மார்க்கப்'. கையெழுத்துப் படியின் ஓரத்தில் 'இது தலைப்பு, தடித்த எழுத்து' என்று பதிப்பாசிரியர் பென்சிலால் குறிப்பார். அச்சுக்கோப்பவர் அதன்படி செய்வார். குறிப்பு மட்டும் அச்சில் ஏறாது. கணினி ஆவணங்களில் இப்படிக் குறியிடுவதற்கான எஸ்.ஜி.எம்.எல். 1986இல் பன்னாட்டுத் தரமானது. இணையத்தின் எச்.டி.எம்.எல். அந்த வழியில் வந்ததுதான்.

தமிழில் 'குறியிடல்' எனலாம். எச்.டி.எம்.எல்.லை 'மீயுரைக் குறியிடு மொழி' என்பதும் இதை ஒட்டியே. 'குறியீடு' வேண்டாம், அது நிரலுக்கும் சின்னத்துக்கும் ஏற்கெனவே உழைத்துக்கொண்டிருக்கிறது. கோண அடைப்புக்குள் வரும் 'டேக்' என்பதற்குக் குறிச்சொல் என்பதே வழக்கு. பதிவுகளின் தலைப்புச் சொற்களுக்கும் அதே பெயர் என்பதால் கொஞ்சம் குழப்பம் உண்டு.

மொழிபெயர்க்கும்போது குறிச்சொல்லை மாற்றக் கூடாது, ஆனால் இடம் பெயர்க்கலாம்; பல நேரம் பெயர்த்தே ஆகவேண்டும். இதைப் பாருங்கள்:

```
Read the <a href="/rules">rules</a> <b>before</b> you join.
```

தமிழில் வினை கடைசியில் வரும். ஆகவே:

```
சேரும் <b>முன்பே</b> <a href="/rules">விதிகளைப்</a> படியுங்கள்.
```

இரண்டு குறிச்சொற்களும் வரிசை மாறிவிட்டன. மூலத்தின் வரிசையையே பிடித்துக்கொண்டால் 'முன்பே' இணைப்பாகி, 'விதிகளை' தடித்துவிடும். பக்கம் உடையாது, பிழைச் செய்தியும் வராது. அதனால்தான் இது எளிதில் கண்ணில் படுவதில்லை.

`</b>` விடுபட்டால் உடனே தெரியும்: அதற்குப் பின்னுள்ள எழுத்தெல்லாம் தடித்து நிற்கும். சொல்செயலியில் தட்டச்சு செய்பவருக்கு வேறொரு பொறி காத்திருக்கிறது. நேர் மேற்கோள் தானாக வளைந்து `href=“/rules”` ஆகிவிடும். உலாவி அந்த வளைந்த குறிகளையும் முகவரியின் பகுதியாகவே எடுத்துக்கொள்ளும். இணைப்பு இல்லாத பக்கத்துக்குப் போகும்.

தமிழுக்கே உரிய சிக்கல் வேற்றுமை உருபு. 'தமிழ்' என்பதை மட்டும் தடித்துக் காட்ட நினைத்து இப்படி வெட்டினால் கெட்டது:

```
<b>தமிழ்</b>ில்
<b>தமிழில்</b>
```

முதல் வரியில் உயிர்க்குறி தன் மெய்யெழுத்தை விட்டுப் பிரிந்து, பெரும்பாலும் புள்ளி வட்டத்தின் மேல் தொங்கும். இரண்டாம் வரியில் உள்ளதுபோல் உருபையும் உள்ளே சேர்த்துக்கொள்வதே வழி.

விக்கியில் `[[சென்னை]]யில்` என்று எழுதலாம். உடம்படுமெய் முழு எழுத்தாக வருவதால் வெட்டுவதில் சிக்கல் இல்லை. 'மரம்' அப்படியன்று, 'மரத்தில்' எனத் திரியும். ஆகவே கட்டுரைப் பெயரை முன்னும் காட்டவேண்டிய வடிவத்தைப் பின்னும் வைத்து, நடுவில் நிலைக்கோடு இடவேண்டும்: `[[மரம்|மரத்தில்]]`. கோட்டுக்கு முன்னால் இருப்பது பக்கத்தின் பெயர். அதில் சந்தி எழுத்தோ உருபோ ஒட்டினால், இல்லாத கட்டுரைக்கான சிவப்பு இணைப்புதான் கிடைக்கும்.