டியூட்ரான் கணக்கில் ஆழம் 6 என்று வந்தால்

கும்பகோணம் பக்கம் எம்.எஸ்சி. இயற்பியல் பிள்ளைகளுக்குப் பல வருஷமாக அணுக்கரு இயற்பியல் பாடம் எடுக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் டியூட்ரான் கணக்கைத் திருத்தும்போது ஒரு தாளிலாவது கிணற்றின் ஆழம் 6.14 எம்.இ.வி. என்று வந்துவிடும். போன மாதமும் வந்தது, அதுவும் நன்றாகப் படிக்கிற பெண்ணின் தாளில். கூட்டல் பெருக்கலில் ஒரு பிழை இல்லை. "சார், எல்லா வரியும் சரியாத்தானே இருக்கு?" என்று கேட்டாள். முதல் வரியைத் தவிர எல்லாம் சரிதான் அம்மா என்றேன்.

கணக்கு இதுதான். ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் சேர்ந்தது டியூட்ரான். இரண்டையும் பிரிக்க 2.2246 எம்.இ.வி. வேண்டும், இதுதான் பிணைப்பு ஆற்றல் B, அளந்து பார்த்த எண். இடையில் இருக்கும் விசையை ஒரு சதுரக் கிணறாக வைத்துக்கொள்வோம்: R தூரம் வரை V0 ஆழம், அதற்கு வெளியே ஒன்றுமில்லை. R-ஐ 2.1 ஃபெர்மி என்று எடுத்தால் V0 எவ்வளவு?

இங்கே பிணைப்பு ஆற்றலையும் கிணற்றின் ஆழத்தையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. ஐப்பசி மழையில் நம் பக்கத்துக் கிணறுகளைப் பார்த்திருப்பீர்கள், தண்ணீர் கைக்கு எட்டும் உயரத்தில் நிற்கும். விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையில் இருக்கிற அந்த இரண்டடிதான் பிணைப்பு ஆற்றல், கிணறு எவ்வளவு ஆழம் என்பது வேறு சமாச்சாரம்.

கோண உந்தம் இல்லாத நிலைக்கு, அலைச்சார்பை r-ஆல் பெருக்கிக் கிடைப்பதை u என்று எழுதினால்:

```
u = A sin kr      k² = M(V0 − B)/ħ²    (r < R)
u = C exp(−γr)    γ² = MB/ħ²           (r > R)
k cot kR = −γ
```

M என்பது ஒரு நியூக்ளியானின் நிறை. சமன்பாட்டில் வர வேண்டியது சுருக்கிய நிறை, அது M-இல் பாதி, முன்னால் இருக்கும் 2-ஓடு அடிபட்டுப் போய் M மட்டும் மிஞ்சுகிறது. இதை மறந்து 2M போட்டால் ஆழம் 19.5 என்று வரும், அது இன்னொரு வழக்கமான தப்பு. ħ²/M என்பது 41.47 எம்.இ.வி. ஃபெர்மி². அப்படியானால் γ 0.2316, அதாவது வெளியே அலை 4.3 ஃபெர்மி தூரத்துக்கு மெல்லத் தேய்கிறது. γR 0.486. கடைசி வரியைத் தீர்த்தால் kR 1.83 ரேடியன். அதிலிருந்து V0 − B 31.5, V0 ஏறக்குறைய 33.7 எம்.இ.வி.

1.83 ரேடியனை டிகிரியாக மாற்றிப் பாருங்கள்: 105. என்னைக் கேட்டால் இந்தப் பாடத்தில் மனசில் வைக்க வேண்டிய எண் 33.7 இல்லை, இந்த 105-தான். மையத்தில் சுழியில் கிளம்பும் சைன் அலை, கிணற்றின் விளிம்புக்கு வருவதற்குள் 90 டிகிரியைத் தாண்டி இறங்க ஆரம்பித்திருக்க வேண்டும், அப்போதுதான் வெளியே தேய்ந்துபோகும் வாலோடு சரிவு மாறாமல் ஒட்டும். டியூட்ரான் உச்சியைத் தாண்டி 15 டிகிரிதான் வந்திருக்கிறது. இதே அகலத்தில் ஆழம் 23.2-க்குக் கீழே போயிருந்தால் 90 எட்டாது, டியூட்ரானே இருக்காது. இப்படி மயிரிழையில் ஒட்டிக்கொண்டிருப்பதால்தான், இரண்டு துகள்களும் விசையின் எல்லைக்கு வெளியே இருக்கும் வாய்ப்பு இந்த மாதிரியில் 63 சதவீதம் வருகிறது.

சரி, அந்த 6.14 எங்கிருந்து வந்தது? அந்தப் பெண் உள்ளே சைனுக்குப் பதில் கொசைன் போட்டிருந்தாள். இளநிலையில் ஒரு பரிமாணக் கிணறு படிக்கும்போது அடி நிலை கொசைன்தான், அந்தப் பழக்கம் கையோடு வந்துவிடுகிறது. ஒரு பரிமாணத்தில் கிணறு எவ்வளவு ஆழம் குறைவாக இருந்தாலும் ஒரு பிணைந்த நிலை கட்டாயம் இருக்கும். மூன்று பரிமாணத்தில் அந்தச் சலுகை கிடையாது, மையத்தில் u சுழியாக வேண்டும். ஏன் என்று கேட்டால் பலரும் "இல்லாவிட்டால் அலைச்சார்பு மையத்தில் முடிவிலி ஆகும், வாய்ப்பைக் கூட்ட முடியாது" என்று எழுதுகிறார்கள். அது பாதி பதில்தான். 1/r-ஐ வர்க்கமாக்கி r² dr-ஓடு சேர்த்தால் கூட்டுத்தொகை முடிவுள்ளதாகவே வருகிறது. உண்மையான சிக்கல், 1/r-க்கு லாப்லாசியன் எடுத்தால் மையத்தில் ஒரு டெல்டா சார்பு முளைக்கிறது, சமன்பாட்டில் அதற்கு ஈடு சொல்ல ஒன்றுமில்லை. அதனால் அந்தச் சார்பு தீர்வே இல்லை. உங்கள் விடை சரியா என்று பார்க்க ஒரு சுலபமான வழி: kR-ஐ டிகிரியாக்குங்கள், 90-க்கும் 180-க்கும் நடுவில் இல்லையென்றால் முதல் வரிக்குத் திரும்பிப் போங்கள். அவளுடைய தாளில் 37 இருந்தது.

இந்த டிகிரிக் கணக்கு கையில் இருந்தால் டியூட்ரானுக்குக் கிளர்வு நிலை ஏன் இல்லை என்பதற்குத் தனியாகப் பாடுபட வேண்டாம். இரண்டாவது நிலைக்கு அலை உச்சி ஏறி இறங்கி, கீழ் உச்சியையும் தாண்டித் திரும்ப வேண்டும், குறைந்தது 270 டிகிரி. துகளைக் கிணற்றின் விளிம்பு வரைக்கும் ஏற்றி, B-ஐச் சுழியாக்கினாலும், இந்தக் கிணற்றில் கிடைக்கும் மொத்தக் கோணம் 108-தான். 270 வேண்டுமென்றால் ஆழம் 209 எம்.இ.வி. ஆக வேண்டும். ஒரு அலகு கோண உந்தத்தோடு சுழலும் நிலைக்கு 180 போதும், அதற்கே 93 எம்.இ.வி. தேவை. "R-ஐ நாமே வைத்ததுதானே சார், மாற்றிப் பார்த்தால்?" என்று அவளே கேட்டாள், நல்ல கேள்வி. 1.5 ஃபெர்மி என்று வைத்தால் ஆழம் 60 பக்கம் போகிறது, மொத்தக் கோணம் 103. 2.5 வைத்தால் ஆழம் 25, கோணம் 112. ஆழம் இரண்டு மடங்குக்கு மேல் ஆடுகிறது, கோணம் அசையவே மாட்டேன் என்கிறது.

அப்புறம் ஸ்பின். டியூட்ரானில் இரண்டு ஸ்பின்னும் ஒரே பக்கம் பார்க்கின்றன. ஒன்றைத் திருப்பிவிட்டால் அது கிளர்வு நிலை ஆகாதா? ஆகாது, ஏனென்றால் எதிரெதிர் ஸ்பின்னுக்கு விசை கொஞ்சம் வலுக் குறைவு, அதன் கிணறே வேறு. நியூட்ரானைப் புரோட்டான் மேல் மெதுவாக மோதவிட்டு அளந்தால் இந்த நிலைக்குச் சிதறல் நீளம் −23.7 ஃபெர்மி. அதே 2.1 அகலத்தில் போட்டுப் பார்த்தால் கோணம் 87. மூன்றே மூன்று டிகிரியில் பிணைப்பு தவறிப்போகிறது.

சதுரக் கிணற்றிடம் எல்லாவற்றையும் எதிர்பார்க்கக் கூடாது. டியூட்ரான் முழுக் கோளமாக இல்லாமல் சற்று நீண்டிருக்கிறது, அதற்கு டென்சர் விசை வேண்டும், இந்த மாதிரியில் அது கிடையாது.

கிளர்வு நிலை இல்லை என்பது சோதனையில் எப்படித் தெரிகிறது? 1934-இல் சாட்விக்கும் கோல்ட்ஹேபரும் தோரியம் வரிசையிலிருந்து வரும் 2.62 எம்.இ.வி. காமா கதிரால் டியூட்ரானை உடைத்தார்கள். திருப்பியும் செய்யலாம். ஒரு வாளித் தண்ணீரில் மெதுவான நியூட்ரான்களை விட்டால் ஹைட்ரஜன் அவற்றைப் பிடித்து டியூட்ரான் ஆகும், 2.223 எம்.இ.வி.-யில் ஒரு காமா வரும். பிணைப்பு ஆற்றலைவிட ஒரு துளி குறைவது பின்னுதைப்பில் போனது. நடுவில் ஒரு படி இருந்திருந்தால் நியூட்ரான் அதில் கால் வைத்து இறங்கியிருக்கும், காமாவும் இரண்டாக உடைந்து வந்திருக்கும். ஹைட்ரஜனிலிருந்து வருவது அந்த ஒரே ஒரு கோடுதான்.