காப்பி ஆயிடுச்சு என்று சொன்னால் நம்பாதீர்கள்

போன வாரம் இரவு பதினொன்றரை மணிக்கு ஃபோன். "அண்ணா, ஒரே ஒரு கிளிப் மட்டும் ஓப்பன் ஆக மாட்டேங்குது. கார்டை ஃபார்மேட் பண்ணிட்டோம். ரெக்கவர் பண்ணிடலாம்ல?" இந்த மாதத்தில் இப்படி வந்த மூன்றாவது ஃபோன். நான் முதலில் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான்: "அதே கார்டில் திரும்ப ஷூட் பண்ணீங்களா, தம்பி?" பதில் வரவில்லை. மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. எனக்குப் புரிந்துவிட்டது.

தண்டையார்பேட்டையில் கேமரா வாடகைக்கு விடுகிறேன், ஷூட்டிங்கில் மெமரி கார்டில் பதிவானதை டிஸ்க்கில் ஏற்றி வைக்கும் டேட்டா வேலையும் பார்க்கிறேன். குறும்படம், விளம்பரம், சின்ன பட்ஜெட் படம் என்று இந்தப் பக்கம் எடுக்க வருபவர்கள் கடைசியில் என்னிடம் வந்து நிற்பார்கள். எல்லோரும் கார்டைத்தான் குறை சொல்வார்கள். கார்டு கடைசி ஆள். பிரச்சினை அன்று காலை ஐந்தரைக்கே ஆரம்பித்திருக்கும். ஃபோன் பண்ணிய இந்தப் பையன்களுக்கு அன்று என்ன நடந்தது என்று அவர்கள் வாயாலேயே கேட்டு வாங்கினேன். அவர்கள் அனுமதியோடு, பெயர் இல்லாமல் சொல்கிறேன்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகம், ஐப்பசி மாதம். அம்மாவும் மகனும் பேசும் சீன். சூரியன் கடல் பக்கமிருந்து ஆறு மணிவாக்கில் வரும், எட்டுக்குள் முடித்தால் வெளிச்சம் அழகு. கால் ஷீட் ஐந்தரை. அம்மாவாக நடித்தவர் ஐந்தேகாலுக்கே வந்து பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மகன் வந்தது 7.50-க்கு. காரில் கிளம்பி, சென்னைத் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி வரிசைக்குள் மாட்டியிருக்கிறார். அந்த ரோட்டில் லாரி நிற்பதைப் பார்த்து ஆச்சரியப்படுகிறவர் வடசென்னைக்குப் புதியவராகத்தான் இருக்க வேண்டும்.

அந்த இரண்டு மணி இருபது நிமிடமும் கேமரா ஆனில்தான் இருந்தது. "ரெக் போடலையே அண்ணா, பேட்டரி எங்க போகப் போகுது?" போகும். ரெக் பட்டனை அழுத்தாவிட்டாலும் சென்சார் ஓடுகிறது, மானிட்டர் எரிகிறது, இயக்குநர் பார்க்கும் திரைக்குப் படம் அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் சூடாக வேலை செய்கிறது. மூன்றும் சேர்ந்து சுமார் 45 வாட். அவர்கள் கொண்டுபோன வி-மவுன்ட் பேட்டரி ஒவ்வொன்றும் 98 வாட் ஹவர். கணக்குப்படி ஒரு பேட்டரி இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. வாடகைக்கு வரும் பழைய பேட்டரியில் ஒன்றே முக்கால் மணி நேரம் நின்றாலே பெரிது. ஆக, மகன் காரை விட்டு இறங்கும்போது இருந்த மூன்றில் ஒன்று தீர்ந்து, இரண்டாவதும் குறைய ஆரம்பித்திருந்தது. நடிகர் வரவில்லையென்றால் கேமராவை அணையுங்கள். திரும்ப ஆன் ஆகச் சில வினாடிகள்தான் ஆகும்.

சும்மா நிற்கவும் அவர்களுக்கு மனசில்லை. படகுகள் வருவதை ஸ்லோ மோஷனில் எடுத்தார்கள். கார்டு 256 ஜிபி. அவர்கள் வைத்திருந்த பதிவு வகை புரோரெஸ் 422 எச்கியூ, அது 4கே, 25 ஃபிரேமில் ஒரு மணி நேரத்துக்கு 330 ஜிபிக்கு மேல் தின்னும். அதாவது ஒரு கார்டு 46 நிமிடம். 50 ஃபிரேமுக்குப் போனால் தீனி இரட்டிப்பு, கார்டு 23 நிமிடம். கால் மணி நேரம் படகு எடுத்ததில் 166 ஜிபி போய்விட்டது. மீதி 90 ஜிபியில், மகன் மேக்கப் போட்டு வந்த பிறகு, சீனை ஆரம்பித்தார்கள். அம்மாவின் நான்கு நிமிட டேக் முதலிலேயே ஓகே. இன்னும் சில ஷாட்டில், 8.35-க்கு முதல் கார்டு நிறைந்தது. வைத்திருந்தது மொத்தமே இரண்டு கார்டு.

இரண்டாவது கார்டு கேமராவுக்குள் போனது. முதல் கார்டை ஒரு தம்பி லேப்டாப்பில் செருகி சாதாரண ஹார்டு டிஸ்க்குக்கு இழுத்துவிட்டான். லேப்டாப்பில் சார்ஜ் 40 சதவீதம். அந்த இடத்தில் இருந்த ஒரே பிளக், காரில் இருந்த இன்வெர்ட்டர். அதில் கேமரா பேட்டரி சார்ஜாகிக்கொண்டிருந்தது. கேமரா பேட்டரியைத்தான் எல்லோரும் எண்ணுகிறார்கள், லேப்டாப்பின் பேட்டரியை யாரும் எண்ணுவதில்லை. அந்தத் தம்பியை வேடிக்கை பார்க்கும் கூட்டத்தை விலக்க அனுப்பிவிட்டார்கள். ஒன்பது மணிக்கு லேப்டாப் செத்துவிட்டது. 9.40 வரை யாருக்கும் தெரியாது.

தெரிந்ததும் பதறிப்போய் இன்வெர்ட்டரில் லேப்டாப்பைப் போட்டு, திரும்ப இழுத்தார்கள். 'இந்தக் கோப்புகள் ஏற்கெனவே இருக்கின்றன, என்ன செய்யட்டும்?' என்று கேட்டது. நேரம் மிச்சம் என்று 'ஸ்கிப்' கொடுத்தார்கள்.

இந்த இடத்தில்தான் எனக்குத் தலை சுற்றுகிறது. லேப்டாப் சாகும்போது ஒரு கோப்பு பாதி எழுதிய நிலையில் இருந்தது. அதன் பெயர் ஹார்டு டிஸ்க்கில் இருக்கிறது. உள்ளே சரக்கு இல்லை. 'ஸ்கிப்' கொடுத்ததும் "இது ஏற்கெனவே இருக்கிறதே" என்று லேப்டாப் அதைத் தாண்டிப் போய்விட்டது. அடுத்த கோப்புகள் எல்லாம் ஒழுங்காக வந்து சேர்ந்தன. பத்து மணிக்குத் தம்பி கத்தினான்: "காப்பி ஆயிடுச்சுணா!"

"நாங்க சைஸ் பார்த்தோம் அண்ணா, ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் இருந்துச்சு" என்றான். இருக்கும், தம்பி. விண்டோஸில் ஒரு கோப்பைக் காப்பி செய்யத் தொடங்கும்போதே அதன் முழு அளவுக்கு இடம் பிடித்து வைத்துவிடும். எழுதுவது பிறகு நடக்கும். பாதியில் கரண்ட் போனாலும் அளவு முழுசாகக் காட்டலாம். கல்யாண மண்டபத்தில் கைக்குட்டை போட்டு நாற்காலி பிடிப்பதைப் போலத்தான் இது. நாற்காலியில் கைக்குட்டை இருக்கிறது என்பதற்காக மாமா வந்துவிட்டார் என்று சொல்லிவிட முடியுமா? அதோடு, கேமரா எழுதும் .mov வீடியோ கோப்பில் எந்த ஃபிரேம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை பெரும்பாலும் கோப்பின் கடைசியில்தான் இருக்கும். வால் வராத கோப்பு பாதியாவது ஓடும் என்று நினைக்காதீர்கள், திறக்கவே திறக்காது.

சைஸ் பார்ப்பது, கோப்புகளை எண்ணுவது, முதல் கிளிப்பை ஓட்டிப் பார்ப்பது, இதில் எதுவும் சரிபார்த்தல் ஆகாது. சரிபார்த்தல் என்றால், கார்டில் இருப்பதையும் டிஸ்க்கில் இருப்பதையும் மென்பொருள் முழுக்கப் படித்து, செக்சம் என்ற அடையாள எண்ணைப் போட்டு ஒப்பிட்டுப் பார்ப்பது. காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை, டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே குளோன் டூல் இருக்கிறது. ஆனால் நேரம் பிடிக்கும். சாதாரண ஹார்டு டிஸ்க்கில் 256 ஜிபி ஏற 40 நிமிடம், ஒப்பிட இன்னொரு 40 நிமிடம். நல்ல எஸ்எஸ்டியில் இரண்டும் சேர்த்து 20 நிமிடம். கேமராவுக்குக் கொடுக்கும் வாடகையில் ஒரு சின்னப் பங்கை எஸ்எஸ்டிக்குக் கொடுக்க ஏன் கை நடுங்குகிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கதைக்கு வருவோம். 10.10-க்கு இரண்டாவது கார்டும் முடியப் போகிறது. கடல் மேல் வானம் கறுத்துவிட்டது. "ஒரே ஒரு ஷாட், கார்டு குடு, கார்டு குடு!" முதல் கார்டை ஃபார்மேட் செய்து போட்டார்கள். பத்தரைக்குக் கொட்டியது. ஓடிப்போய் ராயபுரத்தில் தெரிந்தவர் வீட்டில், அதே கார்டில், மதியம் முழுக்க எடுத்து நிரப்பினார்கள்.

சீன் எடுத்த வீட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மழை நின்று வெளுக்கும்வரை ஒரு வசனமும் கேட்கவில்லை. மழைக்கு மாற்று லொக்கேஷன் என்றால் தலைக்கு மேல் கூரை இருந்தால் போதாது, கான்கிரீட் கூரை வேண்டும். வீட்டுக்காரரிடம் 'மழை வந்தால் வருவோம்' என்று அன்றைய தேதிக்கே சொல்லி வைத்திருக்க வேண்டும். அங்கே எடுக்கப்போகும் சீன், ஏற்கெனவே வந்திருக்கும் நடிகர்களுக்கும் அவர்கள் போட்டிருக்கும் உடைக்கும் பொருந்த வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் கடலிலிருந்து வரும், வந்தால் யோசிக்க நேரம் தராது. mausam.imd.gov.in-இல் சென்னை ரேடார் படத்தை அரை மணிக்கு ஒருமுறை பார்க்க ஒருவரை வையுங்கள். அதையும் மறந்தால் மீன் விற்கும் அக்காக்களைப் பாருங்கள். அவர்கள் தார்ப்பாயை உதற ஆரம்பித்தால் நீங்கள் லென்ஸைக் கழற்ற ஆரம்பிக்கலாம். (இன்னொன்று: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகும் காட்சியை மே மாதத்துக்கு எழுதிக்கொண்டு வராதீர்கள். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வராதீர்கள், கால் வைக்க இடம் இருக்காது.)

நடிகர் விஷயத்துக்கு வருகிறேன். திட்டுவதில் பயனில்லை. காசிமேட்டுக்குக் காரில் வரச் சொல்லாதீர்கள். முந்தின இரவே பக்கத்தில் எங்காவது தங்க வையுங்கள். பகல் கால் ஷீட் என்றால் மெட்ரோவில் வரச் சொல்லி, தியாகராயா கல்லூரி ஸ்டேஷனில் ஒரு ஆட்டோவை நிறுத்துங்கள். அப்படியும் தாமதமானால் அவர் இல்லாமல் என்ன எடுப்பது என்பது முந்தின நாளே தாளில் இருக்கட்டும். அம்மாவின் குளோசப்பை ஆறரைக்கே எடுத்திருக்கலாம். படகைத்தான் எடுக்க வேண்டுமென்றால் அதற்கென்று தனியாக ஒரு கார்டு வையுங்கள்.

கார்டில் ஒழுக்கம் ஒன்றுதான். நிறைந்த கார்டின் மேல் சிவப்பு டேப் ஒட்டுங்கள். இரண்டு தனித்தனி டிஸ்க்கில் ஏறி, இரண்டும் ஒப்பிட்டு முடிந்த பிறகு ஒரே ஒரு ஆள் மட்டும் அந்த டேப்பைக் கிழிக்கலாம். அந்த ஆளைக் கூட்டம் விலக்க அனுப்பாதீர்கள், டீ வாங்க அனுப்பாதீர்கள். இயக்குநர் கத்தினாலும் அவர் கார்டைக் கொடுக்கக் கூடாது. ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம் எடுப்பீர்கள் என்று கணக்கிட்டு, ஸ்பாட்டில் ஃபார்மேட் செய்யவே தேவையில்லாத அளவுக்குக் கார்டு எடுங்கள். இந்தப் பையன்களுக்கு நான்கு போதும். கூட இரண்டுக்கு வாடகை எவ்வளவு என்று அன்றே என்னிடம் கேட்டுவிட்டு, "வேணாம்ணா, சமாளிச்சுக்கலாம்" என்று போனவர்கள்தான் இவர்கள்.

அன்றிரவு உட்கார்ந்து பார்த்தேன். படகு வரும் காட்சி அத்தனையும் பத்திரம், பதினைந்து நிமிடமும். எழுதிக்கொண்டிருக்கும்போது செத்த அந்தக் கோப்பு, அம்மாவின் நான்கு நிமிட டேக்.

அவசரத்தில் ஃபார்மேட் செய்துவிட்டீர்களா? கேமராவில் செய்யும் ஃபார்மேட் பல நேரம் பட்டியலை மட்டும்தான் அழிக்கும், படம் உள்ளேயே கிடக்கும். மீட்கும் மென்பொருளுக்கு வாய்ப்பு இருக்கிறது. அந்த நிமிடமே கார்டை வெளியே எடுங்கள், டேப் ஒட்டுங்கள், லேப்டாப்பில் செருகி நோண்டாதீர்கள். நடுராத்திரி ஆனாலும் எனக்கு ஃபோன் பண்ணுங்கள், எழுந்து வருகிறேன். தயவுசெய்து, அதில் இன்னொரு ஷாட் எடுத்துவிட்டு மட்டும் பண்ணாதீர்கள்.